முன்பணமும் நன்றிக்கடனும்

மார்கழி பிறந்து பத்து நாள் ஆவதற்குள் எங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதம் எழுதப்பட்டாக வேண்டும். நூல் வியாபாரிகளுக்கும் மளிகை மொத்த வியாபாரிகளுக்கும் இரும்புக் கடைக்காரர்களுக்கும் பில் போடவும், சரக்கிருப்புப் பார்க்கவும், வரிக் கணக்கை ஒழுங்கு செய்யவும் பயன்படுகிற ஒரு மென்பொருளைச் செய்து விற்று, விற்றதைப் பராமரித்தும் வருகிற சிறிய ஸ்தாபனம் எங்களுடையது. கோயம்புத்தூரில் ஒரு மாடியில் 14 பேர் வேலை செய்கிறோம். வாடிக்கையாளர்கள் சுமார் 400 பேர். அவர்கள் அனைவருக்கும் மின்னஞ்சலில் போகிற அந்தக் கடிதத்தின் முற்பகுதி கழிந்த ஆண்டுக்கு நன்றி சொல்லும். பிற்பகுதி வருகிற ஆண்டின் பராமரிப்புக் கட்டணத்தை, வியாபாரிகள் வாயில் ஏ.எம்.சி. என்று வழங்குவதை, இன்ன தேதிக்குள் செலுத்தினால் இவ்வளவு தள்ளுபடி என்று சொல்லும். டிசம்பர்க் கடைசியில் கடைக்காரர் சுருட்டிக் கையில் கொடுக்கிற நாள்காட்டியில் கடையின் பெயர் இருக்குமேயன்றிக் கட்டணம் கேட்கிற வரி இராது. எங்கள் கடிதத்திலோ நன்றியும் கட்டணமும் ஒரே தாளில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்திருப்பது தகுமா என்ற கேள்வி பல ஆண்டுகள் என் மனத்தில் தோன்றவே இல்லை. அதைத் தோன்றச் செய்தவர் கரூரைச் சேர்ந்த ஒரு நூல் வியாபாரி.

2024 டிசம்பரில் அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான். "இவ்வாண்டு முழுவதும் தங்கள் வியாபாரம் தடையின்றி நடைபெறத் துணைநின்ற பாக்கியத்தை எங்களுக்கு அளித்தமைக்கு இதயங்கனிந்த நன்றி" என்று தொடங்கினேன். டிசம்பர் 31-க்குள் புதுப்பிப்பவர்களுக்கு 10 சதவீதமும், மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துச் செலுத்துபவர்களுக்கு 20 சதவீதமும் தள்ளுபடி என்று முடித்தேன். ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறி, ஒரு பிற்பகலில் 400 பேருக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை கரூரிலிருந்து தொலைபேசி வந்தது. கோபமான குரல் அன்று. கணக்கில் ஒரு வரியைக் காணோமே என்று விசாரிக்கிற குரல்.

"ஏனுங்க தம்பி, கடுதாசி வந்துச்சுங்க. ஏப்ரல் மாசம் ஒண்ணரை நாள் லாரி நின்னுதுங்களே, அது உங்க கணக்குல வரலீங்களா?"

அந்த லாரியின் கதையைச் சொல்லாவிட்டால் அவர் கேள்வியின் நியாயம் விளங்காது. ஜி.எஸ்.டி. விதிப்படி ஒரு பில்லின் எண் அந்த நிதியாண்டுக்குள் இன்னொரு பில்லுக்கு வரக்கூடாது. எழுத்தும் இலக்கமும் குறிகளும் சேர்ந்து 16-க்கு மேற்படவும் கூடாது. ஏப்ரல் முதல் தேதி அநேகமாக எல்லாரும் எண் வரிசையைப் புதிதாகத் தொடங்குவார்களாகையால், சென்ற ஆண்டு பில்லும் இந்த ஆண்டு பில்லும் பார்வைக்குக் குழம்பிப் போகாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, எண்ணின் நடுவே நிதியாண்டைத் தானாகச் சேர்க்கிற ஒரு திருத்தத்தை நாங்கள் மார்ச் கடைசியில் அனுப்பினோம். பெரும்பாலோருக்கு அது ஒரு தொல்லையும் தரவில்லை. ஆனால் கரூர்க்காரர் தம் பில்லுக்கு வைத்திருந்த முன்குறி நீளமானது. அதன்மேல் ஆண்டும் சேர்ந்தபோது எண் இப்படி ஆயிற்று:

```
KRR-YARN/24-25/0001
```

எண்ணிப் பார்த்தால் 19. ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் ஆண்டு விற்பனை உள்ளவர்கள் ஒவ்வொரு வியாபாரப் பில்லையும் அரசாங்கத்தின் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிந்து, அது தருகிற எண்ணோடும் கியூஆர் குறியோடும்தான் பில் கொடுக்க வேண்டும். 19 எழுத்துள்ள எண்ணைத் தளம் ஏற்க மறுத்துவிட்டது. பில் பதியாமல் இ-வே பில் எடுத்துச் சரக்கை அனுப்ப அவர் துணியவில்லை. இச்சல்கரஞ்சிக்குப் போக வேண்டிய நூல் மூட்டைகள் ஏற்றிய லாரி அவர் கிடங்கு வாசலில் நின்றது. தளம் காட்டிய பிழைச் செய்தியை எங்கள் மென்பொருள் முழுவதும் காட்டாமல் "பதிவு தோல்வி" என்று மட்டும் காட்டியதால், இணையம் சரியில்லையோ, கடவுச்சொல் மாறிவிட்டதோ என்று எங்கள் பையன்களும் அவருடைய கணக்கரும் ஒரு பகல் முழுவதும் வேறெங்கெங்கோ தேடினார்கள். கடைசியில் முன்குறியை `KY` என்று சுருக்கி, `KY/24-25/0001` என்று 13-க்குள் அடக்கியதும் பில் பதிந்தது. எங்களுக்கு அது முடிந்துபோன விவகாரம்; அவருக்கோ லாரி வாடகையும், வாங்குபவரிடம் கேட்ட பேச்சும், வரவு வைக்கப்படாத ஒரு பற்றும். அப்படிப்பட்டவரிடம் "ஆண்டு முழுவதும் தடையின்றி" என்று நான் எழுதியிருந்தேன்.

அவருடைய வார்த்தைகளில் என்னைப் பிடித்து நிறுத்தியது "கணக்கு" என்ற சொல்தான். நன்றி என்பது இதயத்திலிருந்து பொங்குவது, கணக்குக்கு அப்பாற்பட்டது என்று நாம் பேசிக்கொள்கிறோம். ஆயினும் நம் பாஷை அதற்கு வைத்திருக்கிற பெயர் நன்றிக்கடன். உபகாரம் பெற்றவன் கடன்பட்டவன். கடன்பட்டவனுக்கு எவ்வளவு பட்டிருக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் "மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்" என்று சொல்லுகிறவனை எந்தக் கடை வீதியும் நாணயஸ்தனாக ஏற்பதில்லை. இன்ன தேதியில் இன்னது பெற்றேன், இன்னது கொடுத்தேன், இன்னது பாக்கி என்று சொல்லாத என் கடிதம் நன்றி என்ற பெயரைத் தாங்கியிருந்ததே தவிர, கடனை ஒப்புக்கொண்ட பத்திரமாக இருக்கவில்லை.

இதை நினைத்துக்கொண்டே எங்கள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது, கடிதத்தின் பிற்பகுதியைப் பற்றியும் நான் இத்தனை காலம் தப்பாகவே எண்ணியிருந்தேன் என்பது தெரிந்தது. ஓர் ஆண்டின் பராமரிப்புக் கட்டணம் 12,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,160, ஆக 14,160 ரூபாய் வங்கியில் வந்து விழுகிறது. வந்த அன்று அதில் எங்களுடையது எவ்வளவு? வரியாகிய 2,160 அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது. அதற்கு நாங்கள் வெறும் கைமாற்றிகள். மிச்சமுள்ள 12,000 ரூபாயும் அன்று எங்கள் வருமானம் அன்று. இனி வரப்போகிற பன்னிரண்டு மாதங்களில் செய்வதாக வாக்குக் கொடுத்த வேலைக்கு முன்பணமாகப் பெற்றதாகையால், அது ஐந்தொகையில் பொறுப்புகள் பக்கத்தில், கடன்களின் வரிசையில், போய் நிற்கிறது. மாதம் ஒன்று முடிய முடிய ஆயிரம் ஆயிரமாக அங்கிருந்து நகர்ந்து வருமானத்தில் சேர்கிறது. ஒப்பந்தம் ஏப்ரலில் தொடங்கினால் செப்டம்பர் முடிவில் 6,000 நாம் சம்பாதித்தது, 6,000 இன்னும் பட்டிருப்பது. ஆகவே புதுப்பிக்கும்படி கேட்கிற கடிதம், உண்மையில், உங்களுக்கு நாங்கள் கடன்பட அனுமதி தாருங்கள் என்று கேட்கிற கடிதம். கடன் கொடுத்தவன் தவணை நினைவூட்டுகிற தோரணையில் அதை எழுதி வந்தேன். எழுத வேண்டியதோ கடன் கேட்பவன் குரலில்.

கரூர்க்காரர் அன்று தொலைபேசியை வைப்பதற்கு முன் இன்னொன்றும் கேட்டிருந்தார்.

"மார்ச் 31 வரைக்கும்தான் பணம் கட்டியிருக்கேனுங்களே. மூணு மாசம் முன்னாடி கொடுத்தா பத்து பர்சென்ட்டுங்கறீங்க. அது என்ன வட்டியாகுதுன்னு போட்டுப் பாத்தீங்களா தம்பி?"

நான் போட்டுப் பார்த்ததில்லை. மார்ச் 31-இல் கொடுக்க வேண்டிய 12,000 ரூபாய்க்குப் பதிலாக டிசம்பர் 31-இல் 10,800 வாங்கிக்கொள்கிறோம். 10,800 ரூபாயை மூன்று மாதம் கைமாற்றாகப் பெற்றதற்கு 1,200 ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம். நூற்றுக்கு மாதம் ஏறக்குறைய 3 ரூபாய் 70 காசு வட்டி. இதைக் கேட்கிற எந்த வியாபாரிக்கும் இரண்டே அபிப்பிராயங்கள்தான் தோன்ற முடியும்: ஒன்று, இவர்கள் மாதச் சம்பளத்துக்கே தவிக்கிறார்கள், அல்லது, 12,000 என்று சொல்லும் விலையே ஏற்றிச் சொன்னது, 10,800-தான் மெய்யான விலை. இரண்டில் எதை எண்ணினாலும் கடிதத்தின் மேற்பாதியில் சொன்ன நன்றி அவர் மனத்தில் நிற்காது. ஒப்பந்தம் மார்ச்சில் முடிய, தேதியை டிசம்பரில் வைப்பதற்கு வாடிக்கையாளர் பக்கத்தில் ஒரு காரணமும் இல்லை. ஆண்டு முடிவதற்குள் வரவைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற எங்கள் நிர்ப்பந்தமே அந்தத் தேதி.

மூன்றாண்டுச் சலுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 36,000 ரூபாய்க்குப் பதில் 28,800 வாங்கிக்கொண்டு 36 மாதம் சேவை செய்கிறோம் என்றால், மாதத்துக்கு 800 ரூபாய்தான் எங்கள் வருமானம். முதல் ஆண்டு முடிவில் 9,600 நம்முடையது. 19,200 இன்னும் கடன். ஆனால் பணம் முழுவதும் முதல் நாளே வங்கியில் கிடப்பதால், அதைக் கொண்டு புதிய ஆட்களை வைத்து, பெரிய அறைக்கு வாடகை பேசி, இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் வெறுங்கையோடு அதே வாடிக்கையாளருக்கு வேலை செய்யவேண்டிய நிலைக்கு வருவது மிக எளிது. அப்போதுதான் தொலைபேசி அடித்தால் எடுக்க ஆள் இராது. வரிச் சட்டம் மாறினால் திருத்தம் தாமதமாகும். இன்று இவர்களிடம் மூன்று ஆண்டுப் பணம் கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர் கேட்க வேண்டியது தள்ளுபடி எவ்வளவு என்பது அன்று. பின்னிரண்டு ஆண்டுகளின் பணத்தை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதே. அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆதலால் மூன்றாண்டுச் சலுகையை நிறுத்தினோம். ஏற்கெனவே கட்டியிருந்தவர்களின் பின்னாண்டுப் பணத்துக்குத் தனி வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கினோம்.

வியாபார உலகத்தில் இன்னொரு கடிதம் உண்டு. ஆண்டு முடிவில் தணிக்கைக்காக ஒருவர் மற்றவருக்கு அனுப்புவது. எங்கள் புத்தகப்படி மார்ச் 31-இல் உங்கள் நிலுவை இவ்வளவு. உங்கள் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, சரியாயிருந்தால் கையெழுத்திட்டு அனுப்புங்கள், வேறுபட்டால் வேறுபாட்டைக் குறியுங்கள் என்று மூன்றே வாக்கியத்தில் முடிகிற நிலுவை உறுதிக் கடிதம். அதில் இதயம் கனிவதில்லை. ஆயினும் இரண்டு பேருக்கிடையே நடந்ததை இரண்டு பேரும் ஒரே மாதிரி நினைவில் வைத்திருக்கிறோமா என்று கேட்கிற மரியாதை அதில் இருக்கிறது. நாங்கள் எழுத வேண்டியிருந்த நன்றிக் கடிதத்துக்கு மாதிரி அதுவே என்று எனக்குத் தோன்றிற்று. முதலாளியிடம் சொன்னேன், இரண்டு நாள் யோசித்தவர், முன்கடிதத்தை ரத்து செய்து ஜனவரியில் வேறு கடிதம் அனுப்பச் சம்மதித்தார்.

அந்தக் கடிதத்துக்கு மூலம் எங்கள் புகார்ப் பதிவேடு. யார் எப்போது அழைத்தார்கள், என்ன சொன்னார்கள், எப்போது தீர்ந்தது என்பது அதில் இருக்க வேண்டும். பாதி இடங்களில் "சரி செய்யப்பட்டது" என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. மூன்று பேர் பத்து நாள் உட்கார்ந்து, பையன்களின் நினைவைக் கேட்டும், பழைய வாட்ஸ்அப் செய்திகளைப் புரட்டியும் ஒவ்வொருவருக்கும் நான்கைந்து வரி எழுதினோம். இந்தப் பிரயாசையில் எதிர்பாராத ஒன்று அகப்பட்டது. சுமார் 60 பேர் ஆண்டு முழுவதும் எங்களை ஒருமுறைகூட அழைத்திருக்கவில்லை. இவர்கள்தான் நல்ல வாடிக்கையாளர்கள் என்று அதுவரை மகிழ்ந்திருந்தோம். யார் எந்தத் திருத்தத்தைப் பதிந்திருக்கிறார்கள் என்று பார்த்தால், அவர்களில் சிலர் ஜூலைக்குப் பிறகு எதையும் பதியவில்லை. நேரே விசாரித்ததில் 11 பேர் எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துவதையே விட்டிருந்தார்கள். கட்டணம் மட்டும் பழக்கத்தால் வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு நன்றி சொல்லிப் புதுப்பிக்கக் கேட்பது எப்படி? நீங்கள் பயன்படுத்தவில்லை என்று தெரிகிறது, வேண்டுமானால் ஆள் அனுப்பிக் கற்றுத் தருகிறோம், வேண்டாமென்றால் பணம் கட்ட வேண்டாம் என்று எழுதினோம். நால்வர் ஆள் அனுப்பச் சொன்னார்கள், மற்றவர்கள் நின்றுகொண்டார்கள்.

கரூருக்குப் போன கடிதத்தின் வாசகம் இது:

"2024-ஆம் ஆண்டில் தங்களிடமிருந்து 23 அழைப்புகள் வந்தன. 17 தங்கள் புதிய கணக்கர் கேட்ட விளக்கங்கள். 5 சிறு பிழைகள், அன்றன்றே திருத்தப்பட்டன. 1 எங்கள் தவறு: மார்ச் கடைசியில் நாங்கள் அனுப்பிய திருத்தத்தால் ஏப்ரலில் பில் எண் 16 எழுத்தைத் தாண்டியது, தங்கள் லாரி ஒன்றரை நாள் நின்றது. எண் நீண்டால் இனிப் பில் போடும்போதே எச்சரிக்கை வரும். தாங்கள் கேட்டும் நாங்கள் இன்னும் செய்து தராதது 1: மூட்டைக் கணக்கும் கிலோக் கணக்கும் ஒரே பில்லில் அருகருகே அச்சாவது. இவ்வளவுக்கும் தாங்கள் எங்களோடு இருந்தமைக்கு நன்றி.

தங்கள் ஒப்பந்தம் 31-3-2025 வரை உள்ளது. அடுத்த ஆண்டுக் கட்டணம் மாற்றமின்றி 12,000 ரூபாய், வரியுடன் 14,160. மார்ச் முடிவில் செலுத்தினால் போதும். ஜனவரிக்குள் செலுத்தினால் அது எங்களுக்குக் கைமாற்று. அதற்காகக் கட்டணத்தில் 2 சதவீதம் குறைத்துக்கொள்கிறோம். புதுப்பிக்காவிட்டாலும் மென்பொருள் திறக்கும். பழைய பில்களைப் பார்க்கலாம், அச்சிடலாம். தொலைபேசி உதவியும், சட்ட மாற்றங்களுக்கான திருத்தங்களும் மட்டும் நின்றுவிடும். தங்கள் கணக்கு முழுவதையும் எக்ஸெல் கோப்பாக எடுத்துக்கொள்ளும் முறையை இணைத்துள்ளோம். மேற்கண்டதில் வேறுபாடு இருப்பின் தெரிவிக்கவும்."

இரண்டு மாதம் முன்கூட்டி வாங்குவதற்கு 2 சதவீதம் என்றால், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. கடை வீதியில் ஒருவரும் முகம் சுளிக்காத வட்டி. புதுப்பிக்காமற் போனால் என்ன ஆகும் என்பதை எழுதலாமா, போகிறவனுக்கு வழியை நாமே காட்டுவதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. போகும் வழி தெரிந்தும் இருக்கிறவரே நம்மோடு இருப்பவர். வழி தெரியாமல் இருப்பவர் அடைபட்டவர். அடைபட்டவரிடம் சொல்கிற நன்றிக்குப் பொருள் கிடையாது. அந்த வரி கடிதத்தில் நின்றது.

ஒரு வாரத்தில் கரூரிலிருந்து பதில் வந்தது. கடிதத்தை அச்செடுத்து, நிலுவை உறுதிக் கடிதத்துக்குச் செய்வதைப் போலவே கீழே கடை முத்திரை குத்திக் கையெழுத்திட்டு, படம்பிடித்து அனுப்பியிருந்தார். "ஒன்றரை நாள்" என்ற இடத்தை நீலமையால் அடித்து, ஓரத்தில், "லாரிச் சீட்டுப் பார்த்தேன். 1 நாள்தான். மறுநாள் காலையே புறப்பட்டது. மற்றவை சரி" என்று எழுதியிருந்தார். தொலைபேசியில் ஒன்றரை நாள் என்று சொன்னவர் அவரேதான். தம் நஷ்டத்தைத் தாமே அரை நாள் குறைத்து அனுப்பியிருந்தார். 2 சதவீதச் சலுகையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மார்ச் 28-ஆம் தேதி 14,160 ரூபாயும் முழுதாக வந்து சேர்ந்தது. அன்றைக்கே அதை எங்கள் கணக்கர் பொறுப்புகள் பக்கத்தில் எழுதினார். நான் புகார்ப் பதிவேட்டை எடுத்து, ஏப்ரல் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே இருந்த "ஒன்றரை நாள்" என்பதை அடித்து "1 நாள்" என்று திருத்தி, மூட்டைக் கணக்கு இன்னும் பாக்கி என்பதன் கீழே ஒரு கோடு போட்டு வைத்தேன்.